உங்களுக்குத் தெரியுமா? பி.பி.ஓ.வுக்குள் ஒளிந்திருக்கும் லட்சங்கள்!

ஓய்வூதியக் கொடுப்பாணை, அதாங்க, பி.பி.ஓ.! பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? உடனே வெளியே எடுங்கள்!

மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் அதன் எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கும். முதல் ஐந்தும் ஆணை பிறப்பித்த அலுவலகத்தைச் சொல்லும். அடுத்த இரண்டு, ஆணை வந்த ஆண்டு! கடைசி ஒற்றை இலக்கம், எண் சரியா என்று கணினி சோதித்துக்கொள்ள!

இனி ஒரு கணக்கு. 2024 டிசம்பர் 31-ல், 60 வயதில் ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய். அதில் பாதி பேசிக் பென்ஷன். 40,000 ரூபாய்!

அதில் 40 சதவீதம் வரை விற்று மொத்தமாகப் பணம் வாங்கலாம். இதுதான் கம்யூட்டேஷன். நம்மவர் உச்சவரம்பு வரை போய்விட்டார். மாதம் 16,000 ரூபாயை விற்றார்! (தமிழக அரசு ஓய்வூதியர்கள் மூன்றில் ஒரு பங்குதான் விற்க முடியும்.)

எவ்வளவு கிடைத்தது? 60-ல் ஓய்வு பெறுகிறவருக்கு அடுத்த பிறந்த நாள் 61. அந்த வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 8.194. ஆக 16,000 பெருக்கல் 12 பெருக்கல் 8.194. கையில் வந்தது 15,73,248 ரூபாய்! வருமான வரி? ஒரு பைசா கிடையாது!

கொடுத்ததை எப்படி எடுப்பார்கள்? மாதம் 16,000 வீதம் 15 ஆண்டுகள் பிடிப்பார்கள். கூட்டிப் பாருங்கள்... 28,80,000 ரூபாய்! வட்டியை மறந்துவிட்டால் வாங்கிய பணம் 99-வது மாதமே அடைந்துவிடுகிறது. ஆனால் பிடித்தம் 180 மாதம்! வட்டியைச் சேர்த்தால்தான் கணக்கு இவ்வளவு தூரம் நீளும்.

இந்த 15 ஆண்டு எல்லையும் சும்மா வந்ததில்லை. 1986-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித் தந்தது!

15 ஆண்டு எந்த நாளிலிருந்து? ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, பிடித்தம் தொடங்கிய நாளிலிருந்து! நம்மவருக்கு முதல் மாதமே பணம் வந்ததால் 2025 ஜனவரியில் பிடித்தம் ஆரம்பம். 2040 ஜனவரியில் 16,000 திரும்ப வரும்!

இப்போதுதான் முக்கியமான இடம். பி.பி.ஓ. முழுவதும் தேடினாலும் அகவிலை நிவாரணம் இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை இருக்காது! ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் விகிதம் மாறும். 2025 ஜனவரியில் அது 55 சதவீதம்.

எதன் மீது 55 சதவீதம்? கைக்கு வரும் 24,000 மீதா? இல்லவே இல்லை! விற்பதற்கு முன்பிருந்த முழு 40,000 மீது! விற்றுவிட்ட தொகைக்கும் மாதாமாதம் நிவாரணம் வருகிறது!

ஆக, நிவாரணம் 22,000. மீதி பேசிக் 24,000. மொத்தம் 46,000 ரூபாய்! வங்கி தவறுதலாக 24,000-க்கு மட்டும் நிவாரணம் போட்டால் 13,200-தான் வரும். மாத இழப்பு 8,800 ரூபாய்! குறுஞ்செய்தியில் வரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. ஓய்வூதியச் சீட்டில் நிவாரணத் தொகையைத் தனியாகப் பாருங்கள். அதை விகிதத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பி.பி.ஓ.வில் உள்ள முழு பேசிக் வர வேண்டும்!

இன்னொரு சோதனையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது! 15 ஆண்டு முடிந்து பிடித்தம் நிற்கும் மாதத்தில் தொகை சரியாக 16,000 மட்டுமே கூட வேண்டும். நிவாரணம் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது, ஏனென்றால் அது முதல் நாளிலிருந்தே முழுத் தொகைக்கு வந்துகொண்டிருக்கிறது. விகிதம் மாறாமலே நிவாரணமும் ஏறினால்? அதுவரை குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! நிலுவை கேட்டு எழுதுங்கள்!

ஓய்வூதியர் இடையில் இறந்துவிட்டால் மிச்சப் பிடித்தத்தைக் குடும்ப ஓய்வூதியத்தில் எடுப்பார்களா? பூஜ்ஜியம்!

நம்மவர் 62 வயதில் இறந்தால், அவருக்கு 67 ஆகியிருக்க வேண்டிய நாள் வரை மனைவிக்குக் கூடுதல் விகிதம். சம்பளத்தில் பாதி, முழு 40,000! அதே 55 சதவீத நிவாரணம் 22,000. கணவர் வாங்கியது 46,000. மனைவி வாங்குவது 62,000!