மார்ச்சில் போட்ட திட்டம், ஜூனில் ஏறிய எண்

2024 மார்ச் 4 அன்று, ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் புதிதாக நகைக்கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கடன் கொடுக்கும்போதும் ஏலம் விடும்போதும் நகையின் தரத்தையும் நிகர எடையையும் மதிப்பிட்டதில் பெரும் குறைபாடுகள் இருந்தன என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. செப்டம்பரில் தடை நீங்கியது. ஆனாலும் நகைக்கடன் தொழிலில் இருக்கும் எல்லா உள் தணிக்கையாளர்களுக்கும் அது ஒரு கேள்வியை விட்டுச் சென்றது: வருடத்துக்கு ஒரு முறை போடும் திட்டத்தை வைத்துக்கொண்டு, மாதாமாதம் வளரும் இப்படிப்பட்ட கோளாறை எப்படிப் பிடிப்பது?

உள் தணிக்கைத் திட்டம் பெரும்பாலும் மார்ச் மாதம் தணிக்கைக் குழுவின் ஒப்புதலைப் பெறும். எந்தக் கிளையில் இடர் அதிகம், எங்கே குறைவு என்று மதிப்பிட்டு, அதன்படி யார் எப்போது போவது என்று எழுதிவிடுவார்கள். அதன்பிறகு நடப்பதைச் சொல்வதற்குத்தான் கே.ஆர்.ஐ. எனப்படும் முக்கிய இடர் காட்டிகள். ஒரு எண், அதற்கு ஒரு வரம்பு. வரம்பைத் தாண்டினால் கேள்வி எழ வேண்டும். இந்த எண்களை வைத்துப் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலை. தணிக்கையாளர் அவற்றைப் படிப்பவர், சந்தேகப்படுபவர்.

நகைக்கடனில் எல்லோரும் பார்க்கும் எண், நகை மதிப்பில் எத்தனை சதவீதம் கடனாகப் போயிருக்கிறது என்பது. நீண்ட காலம் இதன் உச்சவரம்பு 75 சதவீதமாக இருந்தது. இந்த எண் தணிக்கையாளரை எளிதில் ஏமாற்றும். ஒரு லட்ச ரூபாய் மதிப்பு என்று எழுதிய நகைக்கு 75,000 கடன் கொடுத்தால் பதிவேட்டில் 75 சதவீதம், எல்லாம் சரி. ஆனால் கல்லையும் அரக்கையும் சரியாகக் கழிக்காததால் உண்மை மதிப்பு 90,000தான் என்றால், விகிதம் 83 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மதிப்பிடுபவர் கை வைத்த எண்ணைக் கொண்டு அவரையே சோதிக்க முடியாது.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் வேறு இரண்டைப் பார்ப்பார்கள். ஒன்று, மொத்த எடையில் கல்லுக்காகக் கழித்த பங்கு. மற்றொன்று, கடனை அடைத்த அன்றே அதே நகையை மாற்றி வைத்த கணக்குகளின் பங்கு. வட்டி கட்ட முடியாத கடனைப் புதுக் கடனால் மூடினால் அது இரண்டாவதில் தெரியும்.

ஒரு கற்பனைக் கிளையை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் அதற்கு 'நடுத்தர இடர்' என்று மதிப்பெண், தணிக்கை ஜனவரியில். அன்றே மாற்றி வைத்த கணக்குகள் ஏப்ரலில் 9 சதவீதம், ஜூனில் 21. வரம்பு 15. உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. முதலில், மென்பொருளில் கணக்கிடும் முறை மாறியதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, தங்கம் விலை ஏறியிருந்தால் அதே நகைக்குக் கூடுதல் பணம் வாங்க ஜனங்கள் மாற்றி வைப்பது இயல்பு. ஆனால் விலை எல்லாக் கிளைக்கும் ஒன்றுதானே? பக்கத்துக் கிளைகளில் அந்தப் பங்கு 12தான் என்றால், மீதிக்கு விலை காரணமில்லை. அதோடு, கல் கழிவு மற்ற கிளைகளில் சராசரி 6 சதவீதமாக இருக்க, இங்கே மட்டும் 2. இரண்டு காட்டிகளும் ஒரே பக்கம் கை நீட்டுகின்றன.

இப்போது மதிப்பெண் 'உயர் இடர்' ஆகிறது. எந்த எண், எந்தத் தேதி, என்ன விளக்கம் நிராகரிக்கப்பட்டது என்பதெல்லாம் எழுத்தில் பதிவாகிறது. ஜனவரித் தணிக்கை ஜூலைக்கு வருகிறது, முன்னறிவிப்பு இல்லாமல். வெளி மதிப்பீட்டாளரை அழைத்துப்போய், மாற்றி வைத்த கணக்குகளிலிருந்து பொட்டலங்களைப் பொறுக்கிப் பிரித்து மறு எடை போடுகிறார்கள். ஆட்கள் புதிதாக வந்துவிடப் போவதில்லை. ஜூலையில் போக வேண்டிய வேறொரு கிளை தள்ளிப்போகும். எது தள்ளிப்போகிறது என்பதைத் தணிக்கைக் குழுவிடம் சொல்லி ஒப்புதல் வாங்குவதுதான் பலர் நழுவவிடும் இடம்.

பொட்டலங்கள் சரியாக இருக்கவும் கூடும். அந்த ஊரில் கல் வைக்காத சங்கிலியையும் வளையலையும்தான் அடகு வைக்கிறார்கள் என்றால் 2 சதவீதம் நியாயமானதே. அப்போது ஒரே வரம்பை எல்லா ஊருக்கும் வைத்தது தவறு என்று தெரியவரும். அதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

தணிக்கையாளர் கூர்ந்து பார்க்க வேண்டிய இன்னொரு காகிதம், வரம்புகளை மாற்றிய கூட்டக் குறிப்பு. மாற்றி வைக்கும் கணக்குகள் 21 சதவீதத்தைத் தொட்ட மாதத்திலேயே வரம்பு 15லிருந்து 25 ஆகியிருந்தால், திரையில் அந்தக் கிளை பச்சையாகத்தான் தெரியும்.