காற்று பின்பக்கமாக வரும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மூன்று நாள் கழித்து, கடலூரில் அக்கா வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். இருநூறு லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் தெற்கு நோக்கிக் குப்புறக் கிடந்தது. இருபது கண்ணாடி ட்யூப்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முன்கால்கள் இருந்த இடத்திலேயே மடங்கிக் கிடந்தன. பின்கால்களைப் பிடித்திருந்த போல்ட்டுகள் வளையாமல், முறியாமல், முழுசாக வெளியே வந்திருந்தன. அவற்றின் மேல் செங்கல் நிறத்தில் பொடி அப்பியிருந்தது.

“இருநூறு லிட்டர் தண்ணி இருந்துச்சே தம்பி, அதைக் காத்து எப்படித் தூக்கும்?” என்று அக்கா கேட்டாள். அவளுடைய கேள்விக்கான பதிலை அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை, அடுத்த கோடையில் புது ஸ்டாண்டு வைக்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் திசையைப் பார்க்க வேண்டும். வெயில் வாங்குவதற்காக நம் ஊரில் ஹீட்டரைத் தெற்குப் பார்த்து வைக்கிறோம். ட்யூப்கள் தெற்கே தாழ்ந்து, வடக்கே உயர்ந்து, உச்சியில் டேங்க் படுத்திருக்கும். அப்படியானால் திறந்த முதுகு வடக்கே இருக்கிறது. வங்கக் கடல் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கண் கிழக்கே கடலில் இருந்தபடி நெருங்கும்போது கரையில் நமக்கு அடிப்பது வடக்குக் காற்று, வடமேற்குக் காற்று. அது நேராக ஹீட்டரின் முதுகுக்குள் புகுந்து, சாய்ந்திருக்கும் ட்யூப் வரிசையை அடியிலிருந்து மேல்நோக்கி நெம்புகிறது. கூடவே டேங்கையும் தெற்கே தள்ளுகிறது. முன்கால்கள் கீல் போலாகிவிட, மொத்தமும் அவற்றின் மேல் புரளப் பார்க்கும். பின்கால்களைத் தரையோடு அழுத்துகிற வேலை அந்த நேரத்தில் யாருக்கும் இல்லை. அவற்றைப் பிடுங்குகிற வேலைதான் நடக்கிறது. ஸ்டாண்டு வைக்க வருகிறவர்களில் பலர் பாரம் தாங்குமா என்று மட்டும் பார்க்கிறார்கள். இழுவை தாங்குமா என்று பார்ப்பதில்லை.

இனி அளவு. கட்டடங்களுக்கான காற்றுச் சுமையைச் சொல்லும் ஐ.எஸ். 875 தரநூலின் மூன்றாம் பகுதி, சென்னை, புதுச்சேரி இருக்கும் கடற்கரைப் பட்டைக்கு வினாடிக்கு 50 மீட்டர் என்ற அடிப்படை வேகத்தைத் தருகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அது 39 மீட்டர். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்காகும் என்பதால் இந்த வித்தியாசம் பார்ப்பதைவிடப் பெரியது. 50 மீட்டர் வேகக் காற்று, எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும்.

அக்கா வீட்டு ஹீட்டரின் ட்யூப் வரிசை ஏறக்குறைய 1.6 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம், 30 டிகிரி சாய்வு. ட்யூப்களுக்கு இடையே சந்து இருப்பதால் கால் பங்குக் காற்று ஊடுருவிப் போகும் என்று வைத்துக்கொண்டாலும், மீதி சுமார் 300 கிலோ விசையாக முதுகில் விழுகிறது. டேங்க்கின் மேல் இன்னொரு நூறு கிலோ. இந்த இரண்டும் சேர்ந்து முன்கால்களைச் சுற்றிப் புரட்டும்போது எதிர்த்து நிற்பது ஹீட்டரின் எடை மட்டுமே. டேங்கும் ட்யூப்களும் நிறைந்திருந்தால் எல்லாம் சேர்த்து 330 கிலோ வரும். அப்போது எடையின் பிடிமானம் காற்றின் புரட்டலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மயிரிழையில் நிற்கும் என்று சொல்லலாம். காலியாக இருந்தாலோ வெறும் 80 கிலோ மிச்சம். அப்போது பின்கால்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 190 கிலோ இழுவையைத் தாங்கியாக வேண்டும். இது தோராயக் கணக்குதான். ஆனால் முடிவெடுக்கப் போதும்.

புயலில் டேங்க் ஏன் காலியாகப் போகிறது என்று கேட்கலாம். அழுத்தமில்லாத சாதாரண ட்யூப் ஹீட்டரில் ட்யூப்கள் டேங்க்கின் அடியில் நேரடியாகச் செருகப்பட்டிருக்கின்றன. பறந்து வரும் ஒரு ஓட்டுத் துண்டு, ஒரு தென்னை மட்டை ஒரே ஒரு ட்யூபை உடைத்தால் போதும், அந்த ஓட்டை வழியாக டேங்க் தண்ணீர் இறங்கிவிடும். குளிர்ந்த நீர் வரும் வால்வைப் புயலுக்கு முன் மூடியிருந்தால் மீண்டும் நிரம்பவும் செய்யாது. காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் எடை கைவிடுகிறது. அக்கா கேட்டதற்கு மீதிப் பதில் அதுதான். ஆகவே நங்கூரத்தை எப்போதும் காலி டேங்க்குக்குக் கணக்கிட வேண்டும்.

போல்ட்டில் ஒட்டியிருந்த செங்கல் பொடிக்கு வருவோம். தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் பெரும்பாலும் மேலே சதுரத் தட்டோடு, அதன் கீழே மூன்று நாலு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி, அதற்கும் கீழேதான் கான்கிரீட் தளம். சுர்க்கி வெயிலையும் மழையையும் தடுப்பதற்காகப் போட்டது. போல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் வலு அதற்கு இல்லை. மூன்று அங்குல ஆங்கர் போல்ட்டை ஓட்டின் மேலிருந்து அடித்தால் அதன் விரியும் நுனி சுர்க்கிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. டிரில் போடும்போது வெளியே வரும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் சுர்க்கி. சாம்பல் நிறமாக மாறினால்தான் தளத்தைத் தொட்டிருக்கிறது. இன்னொரு அடையாளம், நட்டை முறுக்க முறுக்க இறுகாமல் போல்ட் மெல்ல மேலே ஏறி வருவது. அப்படி வந்தால் அந்தத் துளையைக் கைவிட வேண்டியதுதான்.

நீளமான போல்ட் போட்டுத் தளத்தையே எட்டலாமே என்றால், வீட்டுத் தளத்தின் கனமே நாலரை, ஐந்து அங்குலம். உள்ளே கம்பிகள் ஓடுகின்றன. ஓட்டையும் சுர்க்கியையும் துளைத்த ஒவ்வோர் இடமும் மழைநீர் இறங்கும் வழி. கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் தெரியும்போது கம்பி ஏற்கெனவே துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். அதனால் எனக்குப் பிடித்த வழி, தளத்தைத் துளைக்காமல் எடையாலேயே கட்டிப்போடுவது.

புது ஸ்டாண்டுக்கு அப்படித்தான் செய்தோம். பின்கால்கள் வரும் இடத்தில் ஆறடி நீளம், ஓரடி அகலத்துக்கு ஓட்டையும் சுர்க்கியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட் தளம் தெரியும்வரை சுத்தம் செய்து, சிமெண்ட் பால் ஊற்றி, அதன் மேலேயே ஒரு நீளத் திண்டு வார்த்தார் கொத்தனார். உயரம் ஒன்பது அங்குலம். நாலு அங்குலம் சுர்க்கிக்குள், ஐந்து அங்குலம் வெளியே. கொள்ளளவு நாலரை கன அடி. ஒரு கன அடி கான்கிரீட் 68 கிலோ என்றால் திண்டு மட்டும் 300 கிலோவுக்கு மேல். 190 கிலோ இழுவைக்கு ஒன்றரை மடங்கு. முன்கால்களுக்கு ஆறு அங்குல உயரத் திண்டு போதுமாயிருந்தது. சுர்க்கியை வெட்டி உள்ளே இறக்கியதில் இன்னொரு பயன் உண்டு. காற்று புரட்டுவதோடு நிற்பதில்லை, இழுத்துக்கொண்டும் போகும். ஓட்டின் மேல் சும்மா வைத்த கட்டை வழுக்கும். பள்ளத்தில் உட்கார்ந்த திண்டு நகராது.

இவ்வளவு பாரத்தை அறையின் நடுத்தளத்தில் வைக்கக் கூடாது. கீழே எந்தச் சுவர், எந்த பீம் ஓடுகிறது என்று பார்த்து, பின்திண்டு அதன் மேல் வருமாறு ஸ்டாண்டை ஒன்றிரண்டு அடி நகர்த்திக்கொண்டோம். மழைநீர் ஓடும் வாட்டத்துக்குக் குறுக்கே திண்டு நின்றதால் நடுவில் தண்ணீர் போக இரண்டங்குலப் பைப் துண்டு ஒன்றைப் புதைத்தோம். திண்டும் பழைய சுர்க்கியும் சேரும் கோடு நிச்சயம் விரிசல் விடும். அந்த மூலையை நீர்தடுப்புக் கலவையால் வளைவாகப் பூச வேண்டும். வேலையை ஏப்ரல், மே மாதத்தில் முடித்து, ஏழு நாளாவது தண்ணீர் கட்டி, அதன் பிறகே ஸ்டாண்டை ஏற்ற வேண்டும். விற்பவரின் ஆட்கள் வண்டியோடு வந்து நிற்கும் நாளில் அவசரமாக வார்க்கும் கான்கிரீட் போல்ட்டைப் பிடிக்காது.

போல்ட் என்றால் 12 மில்லிமீட்டர் ஜே போல்ட். கொக்கி முனை, திண்டுக்குள் கிடக்கும் கம்பியின் அடியில் மாட்டியிருக்க வேண்டும். ஸ்டாண்டு பாதத்தின் துளைகளை ஒரு பலகையில் பிரதி எடுத்து, போல்ட்டுகளை அந்தப் பலகையில் கோத்து நிறுத்தி வார்த்தால் இடம் பிசகாது.

இவ்வளவும் செய்த பிறகு அடுத்த பலவீனம் ஸ்டாண்டிலேயே இருக்கிறது. பல ஸ்டாண்டுகளின் பாதம் மெல்லிய தகடு. போல்ட் நிற்கும், திண்டு நிற்கும், தகடு மட்டும் வாஷரைச் சுற்றிக் கிழிந்து கழன்றுபோகும். இரண்டங்குலச் சதுரத்தில் கனமான இரும்புத் தகடு வாஷரும் இரட்டை நட்டும் போட்டால் இந்தக் கிழிசல் நடக்காது. பின்கால்களுக்கு இடையே பெருக்கல் குறி போல் குறுக்குச் சட்டம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பக்கவாட்டுக் காற்றில் ஸ்டாண்டு ஆடி ஆடியே ட்யூப்கள் கழுத்தில் உடையும். டேங்க் அதன் தொட்டில் மேல் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குனிந்து பாருங்கள். சின்ன போல்ட் மட்டும் இருந்தால், ரப்பர் பட்டை வைத்து அதன் மேல் ஒரு இரும்புப் பட்டையைச் சுற்றிக் கட்டலாம். கடலிலிருந்து உப்புக் காற்று வரும் ஊரில் பெயிண்ட் அடித்த ஸ்டாண்டை நான் வாங்கவே மாட்டேன். ஹாட் டிப் துத்தநாகப் பூச்சும் துருப்பிடிக்காத எஃகு நட்டும் கூடுதல் செலவுதான். ஆனால் துரு முதலில் தின்பது பாதத்தை, நாம் பார்க்காத இடத்தை.

கூடுதலாகக் கம்பிக் கயிறு கட்ட விரும்புகிறவர்கள் அதைக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிடுகிறார்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர் அது. ஹீட்டரோடு சுவரும் தெருவில் விழும். மாடி எடுக்கலாம் என்று தூண்களில் விட்டுவைத்த கம்பிகள் பல வீடுகளில் நிற்கின்றன. துருவேறி மெலியாமல் இருந்தால் கயிற்றுக்கு அவை நல்ல பிடி.

இடமும் பாதி நங்கூரம். மாடியின் ஓரத்திலும் மூலையிலும் காற்று சுவரில் மோதி மேலே எழும்புவதால் இழுவை அங்கே அதிகம். படிக்கட்டு அறையின் உச்சியில் ஹீட்டரை ஏற்றுவது இன்னும் மோசம். அந்த உச்சியைக் குளிர்ந்த நீர்த் தொட்டிக்கு விட்டுவிட்டு, அறைக்குத் தெற்கே தளத்தில் ஹீட்டரை வைத்தால், வடக்குக் காற்றின் முதல் அடியை அறைச் சுவர் வாங்கிக்கொள்ளும், தெற்கு வெயிலும் மறையாது. அக்கா வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. நீராவி போக மேலே எழும்பி நிற்கும் நீளக் குழாயை அந்த அறைச் சுவரில் கிளாம்ப் அடித்துப் பிடித்திருக்கிறோம். தனியே நின்றால் அதுவே காற்றுக்கு நெம்புகோலாகிவிடும்.

புயல் அறிவிப்பு வந்தால் அக்கா முதலில் மேல்தொட்டியை நிரப்புகிறாள், ஹீட்டருக்குப் போகும் வால்வைத் திறந்தே விடுகிறாள், மாடியில் கிடக்கும் பூந்தொட்டி, ஓட்டுத் துண்டு எல்லாவற்றையும் கீழே இறக்குகிறாள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மழைக்கு முன் நான் போகும்போது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவேன். முதலில் பின்கால் நட்டுகள் நான்கு, பிறகு திண்டைச் சுற்றியிருக்கும் பூச்சில் விரிசல்.