சேமிப்பு கூடினால் வருமானம் எதுவரை ஏறும்?

1984-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் 25 சதவீதம் மத்திய சேமநிதிக்குப் போனது. முதலாளி தன் பங்காக இன்னொரு 25 சதவீதம் செலுத்தினார். சேமநிதி தொடங்கிய 1955-இல் இருவருக்கும் ஆளுக்கு 5 சதவீதம்தான். சட்டம் போட்டு இவ்வளவு சேமிக்க வைத்த நாடுகள் குறைவு. அந்த ஆண்டுகளில் சிங்கப்பூர் வளர்ந்த வேகமும் அசாதாரணமானது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, நிறையச் சேமித்தால் என்றென்றும் வேகமாக வளரலாம் என்று தோன்றும். பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1956-இல் எழுதிய ஒரு கட்டுரையின்படி அது தவறு. சேமிப்பு வருமானத்தை உயர்த்தும். ஆனால் ஓர் அளவுக்கு உயர்த்திவிட்டு நின்றுவிடும்.

ஏன் நிற்க வேண்டும்? ஒரு தையற்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஐந்து தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆறாவது வந்தால் காத்திருப்பு குறையும், துணி கூடுதலாகத் தைத்து முடியும். ஆனால் பன்னிரண்டாவது இயந்திரம் வரும்போது அதில் உட்கார ஆள் இல்லை. எங்காவது ஒன்று பழுதானால் மாற்றாக உதவும், அவ்வளவுதான். ஆள் எண்ணிக்கை அப்படியே இருக்க, மூலதனத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு புதிய இயந்திரமும் முந்தையதைவிடக் குறைவாகவே ஈட்டித் தரும். தேய்மானமோ அப்படிக் குறைவதில்லை. பன்னிரண்டு இயந்திரங்களுக்கும் எண்ணெய் விட வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், காலம் முடிந்தால் புதிது வாங்க வேண்டும். வரவு மெதுவாக ஏறுகிறது, செலவு இயந்திரங்களின் எண்ணிக்கைக்கு நேராக ஏறுகிறது. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தே தீரும். அந்த இடத்தைத்தான் சோலோவின் மாதிரியில் ‘நிலைத்த நிலை’ என்கிறோம்.

ஒரு கற்பனை நாட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு தொழிலாளியின் கையில் உள்ள மூலதனம் எத்தனை லட்சமோ, அந்த எண்ணின் வர்க்கமூலம்தான் அவருடைய ஆண்டு வருமானம், அதுவும் லட்சத்தில். நான்கு லட்சம் மூலதனம் என்றால் இரண்டு லட்சம் வருமானம். ஆண்டுதோறும் மூலதனத்தில் 7 சதவீதம் தேய்கிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கும் அதே அளவு கருவி கொடுக்க இன்னொரு 3 சதவீதம் வேண்டும். ஆக, இருப்பதைத் தக்கவைத்துக்கொள்ளவே மூலதனத்தில் 10 சதவீதம் ஆண்டுக்குத் தேவை.

மக்கள் வருமானத்தில் 20 சதவீதம் சேமிக்கிறார்கள் என்று வைப்போம். இரண்டு லட்சத்தில் சேமிப்பு 40,000 ரூபாய். நான்கு லட்சம் மூலதனத்தைத் தக்கவைக்கத் தேவையானதும் அதே 40,000. வரவும் தேவையும் சமம், எதுவும் நகரவில்லை. ஆண்டுதோறும் 1,60,000 ரூபாயைச் செலவழித்துக்கொண்டு அந்தத் தொழிலாளி அங்கேயே இருப்பார்.

இப்போது அரசு சேமிப்பை 30 சதவீதமாக்குகிறது. முதல் ஆண்டில் வருமானம் மாறவில்லை, சேமிப்பு மட்டும் 60,000 ஆகிறது. தக்கவைக்க 40,000 போக, 20,000 புதிய மூலதனமாகச் சேர்கிறது. மறு ஆண்டு மூலதனம் 4,20,000, வருமானம் ஏறக்குறைய 2,05,000. வளர்ச்சி இரண்டரை சதவீதம். நின்றுகிடந்த நாட்டுக்கு இது பெரிய செய்தி. ஆனால் இந்த முதல் தாவலே மிகப் பெரியது. மூலதனம் கூடக் கூடத் தக்கவைக்கும் செலவும் கூடுவதால் மிச்சம் சுருங்கிக்கொண்டே போகும். ஏழாவது ஆண்டில் வளர்ச்சி ஒன்றரைச் சதவீதத்துக்குச் சற்று மேல், பதினான்காவது ஆண்டில் ஏறக்குறைய ஒரு சதவீதம், நாற்பதாவது ஆண்டில் கால் சதவீதம். ஒன்பது லட்சம் மூலதனம், மூன்று லட்சம் வருமானம் என்ற இடத்தை நெருங்கி ஓட்டம் ஓய்கிறது. அங்கே 30 சதவீதச் சேமிப்பான 90,000-மும், ஒன்பது லட்சத்தில் 10 சதவீதமும் சமம். சேமிப்பு விகிதம் உயர்ந்தபடியேதான் இருக்கிறது, வளர்ச்சி மட்டும் மறைந்துவிட்டது.

இந்தக் கணக்கில் என்னை எப்போதும் உறுத்துவது நடுவில் வரும் ஆண்டுகள். சேமிப்பை உயர்த்திய நாளில் தொழிலாளியின் செலவு 1,60,000-இலிருந்து 1,40,000 ஆகக் குறைகிறது. பழைய வாழ்க்கைத் தரத்தை அவர் மீண்டும் தொடுவது ஏழாவது ஆண்டில்தான். வயதானவர்களுக்கு அந்த ஏழு ஆண்டுகள் திரும்பக் கிடைக்காதவை. முடிவில் 2,10,000 செலவழிக்கப் போவது அடுத்த தலைமுறை. எல்லையும் ஒன்று இருக்கிறது. இதே நாட்டில் சேமிப்பு 50 சதவீதமானால் நீண்டகாலச் செலவு இரண்டரை லட்சம் வரை போகும். 60 சதவீதமாக்கினால் வருமானம் ஆறு லட்சம் ஆகும், ஆனால் செலவழிக்கக் கிடைப்பது 2,40,000 ஆகக் குறைந்துவிடும். உழைப்பின் பலனில் பெரும்பகுதி இயந்திரங்களைத் தக்கவைக்கவே போகிறது.

வர்க்கமூலம் என்பது என் வசதிக்கு எடுத்தது, கொஞ்சம் தாராளமானதும்கூட. தேசிய வருமானத்தில் மூலதனத்தின் பங்கு மூன்றில் ஒன்று என்பதே பல நாடுகளுக்கு வழக்கமாக எடுக்கும் மதிப்பு. அப்படிப் போட்டால், சேமிப்பு 20-இலிருந்து 30 ஆகும்போது வருமானம் 50 சதவீதம் அல்ல, ஏறக்குறைய 22 சதவீதமே கூடும். அதற்கு மேலும் ஆண்டாண்டாக வருமானம் வளர்கிறது என்றால், அதே இயந்திரமும் அதே ஆளும் கூடுதலாகச் செய்யும் வழி கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது தொழில்நுட்பம். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி கூடியதில் எட்டில் ஏழு பங்குக்கு அதுவே காரணம் என்று சோலோ 1957-இல் கணக்கிட்டார்.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே 1966-இல் உற்பத்தியில் 11 சதவீதமாக இருந்த முதலீடு பிறகு 40 சதவீதத்தையும் தாண்டியது. அதில் ஒரு பகுதி வெளிநாட்டுப் பணம் என்பதையும் மறக்கக்கூடாது. சோலோவின் கணக்குப்படி இப்படிப்பட்ட ஏற்றம் பல பத்தாண்டு வேக வளர்ச்சியைத் தானாகவே தரும். 1990-களில் பொருளியலாளர் ஆல்வின் யங் புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்த்து, சிங்கப்பூர் வளர்ச்சியில் தொழில்நுட்பத்தின் பங்கு ஏறக்குறைய இல்லை, மூலதனக் குவிப்பும் கூடுதல் ஆட்களுமே காரணம் என்றார். இன்னொரு பொருளியலாளரான பால் குரூக்மன் 1994-இல் அதை உலகம் முழுக்கப் பேச வைத்தார்.

உண்மையில் மூலதனம்தான் காரணமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. நம் கற்பனை நாட்டில் முதலில் கூடுதல் மூலதனம் லட்சத்துக்கு ஆண்டுக்கு 25,000 என்ற வீதத்தில் ஈட்டும். புதிய நிலையில் அது ஏறக்குறைய 17,000 ஆகிவிடும். குவிப்பு மட்டுமே என்றால் மூலதனத்தின் ஆதாயம் விழுந்தே ஆக வேண்டும். பொருளியலாளர் சாங்-டாய் ஷியே 2002-இல் சிங்கப்பூரின் வட்டி, ஆதாய விகிதங்களைத் தேடிப் பார்த்தார். அவை அப்படி விழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் தொழில்நுட்பமும் வளர்ந்திருக்கிறது, அல்லது முதலீட்டுக் கணக்கு மிகையாக எழுதப்பட்டிருக்கிறது என்றார் அவர்.