மிதக்கும் வட்டிக் கடன்முறி: ஏன் அது முகப்பெறுமதியை விட்டு விலகுவதில்லை, எப்போது விலகுகிறது?

நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு வங்கிக் கடிதத்துடன் வந்தார். சேமிப்பில் ஒரு பகுதியை அவர் மிதக்கும் வட்டிக் கடன்முறியில் போட்டிருந்தார். விற்றவர்கள் சொன்னது இதுதான்: 'சந்தையில் வட்டி ஏறினால் இதன் வட்டியும் ஏறும், இறங்கினால் இதுவும் இறங்கும். ஆகவே வட்டி மறுநிர்ணய நாளில் விலை எப்போதும் முகப்பெறுமதிக்கே திரும்பி வந்துவிடும்.' ஆனால் கடிதத்தில் 1000 யூரோ முறிக்கு 956 யூரோ என்றுதான் இருந்தது. இரண்டு மறுநிர்ணய நாட்கள் கடந்தும் அது திரும்பவில்லை. 'என்னை ஏமாற்றிவிட்டார்களா?' என்று கேட்டார்.

விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னார்கள். முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம்.

நண்பரின் முறி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கொடுப்பது. ஒவ்வொரு அரையாண்டின் தொடக்கத்திலும் அன்றைய ஆறுமாத யூரிபோர் வீதத்தை எடுத்து, அதன்மேல் அரை வீதம் கூட்டி, அந்த அரையாண்டுக்கான வட்டியை நிர்ணயிப்பார்கள். யூரிபோர் என்பது ஐரோப்பிய வங்கிகள் யூரோவில் பிணையின்றிக் கடன் பெறும் வீதத்தைக் காட்டும் அளவுகோல். மேலே கூட்டும் அரை வீதம் முறியை வெளியிட்ட வங்கியின் நாணயத்துக்கான விலை. அந்த வங்கி முறிந்துபோகலாம் என்ற அச்சத்துக்குச் சந்தை கேட்கும் கூலி என்றும் சொல்லலாம்.

இப்போது கடைசி அரையாண்டிலிருந்து பின்னோக்கி நடப்போம். கடைசி மறுநிர்ணய நாளன்று யூரிபோர் 3.5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். அரை வீதம் சேர்ந்து ஆண்டுக்கு 4 வீதம், அரையாண்டுக்கு 20 யூரோ. ஆறு மாதம் கழித்து முதலும் வட்டியுமாக 1020 யூரோ கைக்கு வரும். இந்த வங்கிக்கு ஆறு மாதம் கடன் கொடுக்கச் சந்தை கேட்பதும் அதே 4 வீதம்தான். எனவே 1020 ஐ 1.02 ஆல் வகுத்தால் இன்றைய பெறுமதி: சரியாக 1000.

யூரிபோர் அன்று 7 வீதமாக இருந்திருந்தால்? 1037.50 வரும். வகுக்கும் எண்ணும் 1.0375 ஆகிவிடும். மறுபடியும் 1000. மேலே ஏறுவதும் கீழே ஏறுவதும் ஒரே வீதம் என்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

இனி ஒரு படி முன்னே போவோம். கடைசிக்கு முந்திய மறுநிர்ணய நாளில் நிற்பவருக்கு, அடுத்த நாளில் வட்டி என்னவாக இருக்கும் என்று தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. அன்றைய வட்டி எதுவானாலும் அன்று தன் கையில் உள்ள முறி 1000 பெறும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அவருக்கும் இது ஆறு மாதத்தில் 1000 உம் வட்டியும் தரும் ஒரு சிறு கடன்தான். அவரது நாளிலும் பெறுமதி 1000. இப்படியே ஒவ்வொரு படியாக இன்றுவரை நடந்து வந்துவிடலாம். ஐந்து ஆண்டு முறியானாலும் விலைப்படுத்துபவருக்கு அது ஆறுமாதக் கடன் போலவே தோன்றும். எதிர்கால வட்டியைப் பற்றிய எந்த ஊகமும் இதில் இல்லை என்பதுதான் எனக்கு இந்தக் கணக்கில் பிடித்தது.

இரண்டு மறுநிர்ணய நாட்களுக்கு இடையில் விலை சற்று அசையும். வட்டியை 20 யூரோ என்று நிர்ணயித்த மறுநாளே சந்தை வட்டி 4 இலிருந்து 6 வீதத்துக்குத் தாவினால், இந்த ஒரு தவணைக்கு நாம் பழைய வட்டியில் அகப்பட்டுக்கொள்கிறோம். 1020 ஐ 1.03 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 990. நட்டம் 10 யூரோ, அதுவும் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். இதே தாவலில், 4 வீத நிலையான வட்டி கொண்ட ஐந்தாண்டு முறி ஏறத்தாழ 915 யூரோவுக்கு விழும்.

அப்படியானால் நண்பரின் 956 எங்கிருந்து வந்தது? அவர் அகப்பட்டது யூரிபோரில் அல்ல, அந்த அரை வீதத்தில். மறுநிர்ணய நாளில் மாறுவது யூரிபோர் மட்டுமே. மேலதிக வீதம் முறி வெளியிட்ட அன்றே எழுதப்பட்டது, கடைசிவரை மாறாது. மேலே நாம் பின்னோக்கி நடந்தபோது, சந்தை கேட்கும் மேலதிக வீதமும் முறி தரும் மேலதிக வீதமும் ஒன்றே என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டோம். இதற்கிடையில் அந்த வங்கியின் நிலை பற்றிச் சந்தேகம் எழுந்து, சந்தை இப்போது ஒன்றரை வீதம் கேட்கிறது. முறியோ அரை வீதமே தருகிறது. ஆண்டுக்கு ஒரு வீதம், அதாவது அரையாண்டுக்கு 5 யூரோ குறைவு. மிச்சம் பத்துத் தவணைகள். இந்த 5 யூரோக்களை இன்றைய வீதமான ஆண்டுக்கு 5 வீதத்தில் கழிவிட்டுக் கூட்டினால் ஏறத்தாழ 44 யூரோ. 1000 இலிருந்து கழித்தால் 956.

இதைக் கண்டறிவதற்கு ஒரு வழி உண்டு. வட்டி கொடுத்து முடிந்த மறுநிர்ணய நாளன்றைய விலையைப் பாருங்கள். அன்று யூரிபோரின் செல்வாக்கு ஏறக்குறைய இல்லை. அன்றும் விலை முகப்பெறுமதிக்குக் கீழே நின்றால், பெரும்பாலும் அது வெளியிட்டவரின் நாணயம் பற்றிய சந்தையின் தீர்ப்பு, அல்லது முறியை வாங்க ஆளில்லை என்பதன் அடையாளம். (வட்டிக்கு உச்சவரம்பு போட்டிருந்தாலும் விலை கீழே போகலாம். மாறாக, 'வட்டி சுழியத்துக்குக் கீழே போகாது' என்ற நிபந்தனை, 2015 முதல் 2022 வரை ஆறுமாத யூரிபோர் எதிர்க்கணியத்தில் கிடந்த காலத்தில், சில முறிகளை முகப்பெறுமதிக்கு மேலே தூக்கியது.)

விற்றவர்கள் சொன்ன பாதியை நம்பி மிகப் பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். 1984 முதல் பிரித்தானிய வங்கிகளும், பின்னர் பிற நாட்டு வங்கிகளும், மூலதனம் திரட்ட இறுதித் திகதியே இல்லாத மிதக்கும் வட்டி முறிகளை வெளியிட்டன. வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும், முதலைத் திருப்பித்தர வேண்டிய கடமை வங்கிக்கு இல்லை. ஜப்பானிய வங்கிகள் உட்படப் பல வங்கிகள் இவற்றை வாங்கிக் குவித்தன. மறுநிர்ணய நாளில் முகப்பெறுமதிக்கு வரும், எனவே குறுங்காலக் கடன் போன்றது, மேலதிக வீதமோ இலாபம் என்பது அவர்களது எண்ணம். 1986 டிசம்பரில் இலண்டன் சந்தையில் விற்பவர்கள் மட்டுமே மிஞ்சினர். விலை கூறுவோர் விலை கூறுவதை நிறுத்தினர். சந்தை உறைந்துபோனது.

காரணத்தை நமது கணக்கே காட்டும். எங்கள் பின்னோக்கிய நடை ஒரு கடைசி நாளிலிருந்து தொடங்கியது. அந்த நாளில் 1000 யூரோ நிச்சயம் என்பதே முழுக்கட்டடத்தின் அத்திவாரம். கடைசி நாள் இல்லாத முறியில் நடையைத் தொடங்க இடமே இல்லை. நாளை இன்னொருவர் 1000 கொடுப்பார் என்ற நம்பிக்கை மட்டுமே உண்டு. மேலதிக வீதத்தில் அதே ஒரு வீதக் குறைவு ஏற்பட்டால், அரையாண்டுக்கு 5 யூரோ முடிவின்றித் தொடரும். 5 ஐ 0.025 ஆல் வகுத்தால் 200. விலை 800. நண்பரின் முறிக்கு 44 யூரோ நட்டம் தந்த அதே மாற்றம், இங்கே 200 யூரோவை விழுங்கிவிடும்.

நண்பரின் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் முதலில் தேடியது இதைத்தான். இறுதித் திகதி இருந்தது, இன்னும் ஐந்து ஆண்டு. சந்தை தொடர்ந்து ஒன்றரை வீதமே கேட்டாலும், கடைசி ஆண்டு தொடங்கும்போது மிச்சம் இரண்டு தவணைகளே இருக்கும், விலை 990 அளவுக்கு ஏறியிருக்கும். வங்கி நிலைத்து நின்றால் முடிவில் 1000 முழுதாக வரும். இதற்கிடையில் அவர் இழப்பது, அந்த வங்கிக்கு இன்று கடன் கொடுப்பவர் பெறும் ஆண்டுக்கு 10 யூரோவை. 956 க்கு விற்பதா, பொறுப்பதா என்பது வட்டி ஏறுமா இறங்குமா என்பதைப் பொறுத்ததல்ல, அந்த வங்கியை அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதைப் பொறுத்தது. யூரிபோர் செய்திகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்று முதன்முறையாக அந்த வங்கியின் ஆண்டறிக்கையைக் கேட்டு எழுதினார்.