பொறுக்கச் சொல்லும் சர்வர்

ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம். அனுப்பிய 180 பார்சல்களும் எங்கே இருக்கின்றன என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூரியர் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டுச் சொல்ல, அந்தக் கடையின் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. நேரம் வந்ததும் அதைத் தானாகக் கிளப்பிவிடுவது ‘க்ரான்’ என்னும் ஏற்பாடு. கேள்வியும் பதிலும் போய்வரும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர்.

அந்த வாசலில் நிமிடத்துக்கு 60 கேள்விகள்தான் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டோ சில நொடிகளிலேயே அறுபதையும் கேட்டு முடித்துவிடுகிறது. 61வது கேள்விக்கு இப்படிப் பதில் வருகிறது:

```
HTTP/1.1 429 Too Many Requests
Retry-After: 120
```

429 என்றால் அளவுக்கு மேல் கேட்டுவிட்டாய் என்று பொருள். 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6585 என்ற இணைய ஆவணம் வகுத்த எண் இது. அடுத்த வரிதான் நமக்கு முக்கியம்: 120 நொடி கழித்து வா என்கிறது. இந்த வரியை எல்லா சர்வர்களும் அனுப்புவதில்லை. அனுப்பினால், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நாம் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பல ஸ்கிரிப்டுகள் அதைப் படிப்பதில்லை. பதில் பிழையாக வந்தால் ஒரு நொடி விட்டு மறுபடி கேள் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் வீணாகப் போகும். மறுக்கப்பட்ட கேள்விகளையும் கணக்கில் சேர்க்கும் சர்வராக இருந்தால் தடை நீண்டுகொண்டே போகும். தடை இருக்கும்போதும் தொடர்ந்து கேட்டால் அந்தச் செயலியையே விலக்கிவைக்க நேரலாம் என்று கிட்ஹப் தன் ஏபிஐ விதிகளில் எச்சரிக்கிறது.

சரியாக எழுதிய ஸ்கிரிப்ட் 120 நொடி காத்திருந்து, 61வது பார்சலிலிருந்தே தொடரும். முதல் பார்சலிலிருந்து மறுபடி தொடங்கினால், கேட்ட அறுபதையே திரும்பக் கேட்டு அதே இடத்தில் மீண்டும் மாட்டிக்கொள்ளும்.

Retry-After எப்போதும் நொடிக்கணக்கில் வரும் என்று நம்பிவிடவும் கூடாது. நாளும் நேரமுமாகவும் வரலாம்:

```
Retry-After: Wed, 21 Oct 2026 07:28:00 GMT
```

இது கிரீன்விச் நேரம். இந்திய நேரப்படி பகல் 12.58. பகல் 12.56க்கு இந்தப் பதிலைப் பெறும் ஸ்கிரிப்ட், 7.28ஐ இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டால், அந்த நேரம் காலையிலேயே கடந்துவிட்டதாகக் கருதி உடனே மறுபடி கேட்கும். சர்வரின் பதிலிலேயே Date என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால், நம் கம்ப்யூட்டரின் கடிகாரம் பிசகியிருந்தாலும் பாதிப்பில்லை.

இனி க்ரானைப் பார்ப்போம். 180 பார்சல்களுக்கு இரண்டு முறை காத்திருந்தால் போதும். நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தீபாவளி நேரத்தில் பார்சல்கள் 360 ஆனால் ஐந்து முறை காத்திருக்க வேண்டும். அதற்கே பத்து நிமிடம். முதல் ஓட்டம் முடிவதற்குள் க்ரான் அடுத்ததைக் கிளப்பிவிடும். இரண்டும் சேர்ந்து கேட்க, இரண்டுக்கும் 429 வரும். லினக்ஸில் இதைத் தடுக்க flock உதவும்:

```
*/10 * * * * flock -n /tmp/parcel.lock python3 /opt/parcel.py
```

முந்தைய ஓட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் புதியது தொடங்காது. சர்வர் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னால் ஸ்கிரிப்ட் அதுவரை தூங்கிக்கிடக்கத் தேவையில்லை. மறுபடி கேட்கலாம் என்ற நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம். அடுத்த ஓட்டம் முதலில் அந்தக் கோப்பைப் பார்க்கும். நேரம் வரவில்லை என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பிவிடும்.

இவையெல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்பதை லாக் கோப்பு சொல்லிவிடும். 429 வந்த நேரம், பொறுக்கச் சொன்ன நொடிகள், அடுத்த கேள்வி போன நேரம் மூன்றையும் அதில் எழுதிவைக்க வேண்டும். சொன்ன நொடிகளுக்கு முன்பே அடுத்த கேள்வி போயிருந்தால் ஸ்கிரிப்டில் எங்கோ தவறிருக்கிறது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் 429 வந்தால் கேட்கும் வேகத்தையே மாற்ற வேண்டும். கேள்விக்குக் கேள்வி 1.2 நொடி இடைவெளி விட்டால் நிமிடத்துக்கு ஐம்பதுதான் போகும். 180 பார்சல்களும் சுமார் 3 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். அவசரமாகக் கேட்டுத் தடைபட்டுக் காத்திருப்பதற்கு ஆகும் நான்கு நிமிடத்தைவிட இது குறைவு. கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பார்சல்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் கேட்க வேண்டியவையும் குறைந்துவிடும்.