அமிலத்தின் அடர்த்தி சொல்லும் செய்தி

நுழையும்முன்

ஈய மின்கலத்தில் எவ்வளவு மின்னாற்றல் எஞ்சியிருக்கிறது என்பதை, அதன் அமிலத்தில் மிதக்கும் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் சொல்லிவிடும். அது சொல்வதை எவ்வாறு படிப்பது? எப்போது அதை நம்பலாம்? எப்போது அது நம்மை ஏமாற்றும்? இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இக்கட்டுரை.

ஐந்து நலம், ஒன்று குறை

காலையில் இயங்க மறுத்த சரக்குந்து ஒன்று பணிமனைக்கு வந்திருக்கிறது என்று கொள்வோம். அதன் பேட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மின்னழுத்தமானியை வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட் காட்டுகிறது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். குறைவது 0.1 வோல்ட் மட்டுமே. இதை வைத்துப் பழுது என்று எவரும் துணிந்து சொல்லிவிட முடியாது.

பணிமனையில் பழகிய கைவினைஞர் அத்துடன் நிறுத்துவதில்லை. ஆறு மூடிகளையும் திருகித் திறக்கிறார். ஒவ்வோர் அறையிலிருந்தும் சிறிது திரவத்தை உறிஞ்சி எடுத்து அளக்கிறார். அவர் வழக்கில் இதற்குக் ‘கிராவிட்டி பார்த்தல்’ என்று பெயர். ஐந்து அறைகளில் 1.26 என்ற அளவு கிடைக்கிறது. ஓர் அறையில் மட்டும் 1.15. பழுது எந்த அறையில் என்பது தெரிந்துவிட்டது. மின்னழுத்தமானி மறைத்ததைக் கண்ணாடிக் குழாய் காட்டியது எப்படி?

செலவாகும் அமிலம்

ஈய அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாந்தே உருவாக்கினார். அதன் எதிர்மின்வாய்த் தகட்டில் பஞ்சுபோன்ற ஈயமும் நேர்மின்வாய்த் தகட்டில் ஈய டைஆக்சைடும் உள்ளன. இரு தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். இக்கரைசலே மின்பகுளி.

பல மின்கலங்களில் மின்பகுளி அயனிகளைக் கடத்தும் வழியாக மட்டுமே அமைகிறது. இங்கோ அது வினையிலும் பங்கு கொள்கிறது. மின்கலம் மின்னோட்டத்தைத் தரும்போது நிகழும் வினை இது:

Pb + PbO2 + 2H2SO4 → 2PbSO4 + 2H2O

இச்சமன்பாட்டில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, கரைசலில் இருந்த அமிலம் குறைகிறது. அதன் சல்பேட் பகுதி ஈய சல்பேட்டாக மாறி இரு தகடுகளிலும் படிகிறது. மற்றொன்று, புதிதாக நீர் உருவாகிறது. ஆகவே கரைசல் இருவழியாலும் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்யும்போது இவ்வினை பின்னோக்கி நிகழும். தகடுகளில் படிந்த சல்பேட் மீண்டும் கரைசலுக்குத் திரும்பி அமிலமாகும், நீர் குறையும்.

கந்தக அமிலம் நீரைவிடக் கனமானது. எனவே கரைசலில் அமிலம் மிகுந்தால் அடர்த்தி கூடும். நீர் மிகுந்தால் அடர்த்தி குறையும். ஒரு பொருளின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல் எத்தனை மடங்கு என்பதே ஒப்படர்த்தி. அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தால் மின்னிறக்கம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை அறிந்துவிடலாம்.

ஒரு கணக்கு

ஓர் அறையில் ஒப்படர்த்தி 1.28 உடைய மின்பகுளி ஒரு லிட்டர் இருப்பதாகக் கொள்வோம். அதன் நிறை 1280 கிராம். இவ்வொப்படர்த்தியில் கரைசலின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 37.4 பங்கு அமிலம். அதாவது அமிலம் 479 கிராம், நீர் 801 கிராம்.

இக்கலம் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை ஆறு மணி நேரம் தருகிறது. வெளிவந்த மின்னூட்டம் 60 ஆம்பியர்-மணி. மேற்கண்ட சமன்பாட்டின்படி, 26.8 ஆம்பியர்-மணிக்கு 98 கிராம் அமிலம் செலவாகி 18 கிராம் நீர் உண்டாகும். எனவே 60 ஆம்பியர்-மணிக்குச் செலவாகும் அமிலம் ஏறத்தாழ 220 கிராம்; உருவாகும் நீர் 40 கிராம்.

இப்போது அறையில் எஞ்சியிருப்பது 259 கிராம் அமிலமும் 841 கிராம் நீரும். மொத்தம் 1100 கிராமில் அமிலத்தின் பங்கு நூற்றுக்கு 23.5. இச்செறிவுடைய கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.17. ஆறு மணி நேரத்தில் 1.28 என்பது 1.17 ஆகச் சரிந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் நிறமற்ற திரவங்களே. வேறுபாட்டைக் காட்ட ஒரு கருவி வேண்டும்.

மிதக்கும் அளவுகோல்

அக்கருவி திரவமானி. அடியில் ஈயக் குண்டுகள் இட்டு நிமிர்ந்து மிதக்குமாறு செய்த கண்ணாடிக் குழாய் அது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை இடம்பெயர்க்கும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. அடர்ந்த திரவத்தில் சிறிதளவு இடம்பெயர்த்தாலே அவ்வெடை நிறைந்துவிடும். ஆகவே குழாய் உயர்ந்து மிதக்கும். நீர்த்த திரவத்தில் அது ஆழ அமிழும். குழாயின் கழுத்திலுள்ள அளவுக்கோடுகளில் திரவத்தின் மட்டம் எதனோடு பொருந்துகிறதோ அதுவே ஒப்படர்த்தி.

மின்கலத்திற்கான திரவமானி ஒரு பெரிய கண்ணாடிக் கூட்டினுள் இருக்கும். கூட்டின் மேல்முனையில் ரப்பர்க் குமிழும் கீழ்முனையில் மெல்லிய குழலும் உண்டு. குமிழை அழுத்திவிட்டுக் குழலை அமிலத்தில் நனைத்துப் பிடியைத் தளர்த்தினால் திரவம் மேலேறும். உள்ளிருக்கும் மிதவை பக்கங்களைத் தொடாமல் தனித்து மிதக்க வேண்டும். கண்ணைத் திரவ மட்டத்திற்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். படித்தபின் திரவத்தை அதே அறைக்குள் திருப்பி ஊற்ற வேண்டும். வேறு அறையில் ஊற்றினால் இரண்டின் அளவும் பிறழ்ந்துவிடும்.

வாகன மின்கலம் முழு மின்னேற்றத்தில் 1.26 முதல் 1.28 வரை காட்டும். 1.20 அளவில் பாதியளவு மின்னேற்றமே எஞ்சியிருக்கும். 1.12க்கு அருகில் வந்தால் ஏறத்தாழ வறண்டுவிட்டது எனலாம். மின்கலத்தின் வகைக்கேற்ப இவ்வெண்கள் சிறிது மாறும்.

பிழையின்றிப் படித்தல்

வெப்பத்தால் திரவம் விரிவடையும், அடர்த்தி குறையும். ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.0007 அளவு திருத்தம் தேவை. 27 பாகையை அடிப்படையாகக் கொண்டால், 40 பாகை வெப்பமுள்ள அமிலத்தில் 1.255 என்று படித்ததைப் 13 பாகைக்கும் திருத்தி 1.264 என்று கொள்ள வேண்டும். திருத்தம் செய்யாதவர் நல்ல மின்கலத்தைக் குறையுள்ளதாக எண்ணிவிடுவார்.

அளக்கும் நேரமும் முதன்மையானது. நீர் ஊற்றியவுடன் அளந்தால், கலக்காமல் மேலே நிற்கும் நீரையே அளப்போம். மின்னேற்றத்தின் தொடக்கத்திலும் இதே இடர் உண்டு. தகடுகளிலிருந்து வெளிவரும் கனமான அமிலம் அடியில் இறங்கித் தங்குவதால், மேற்பகுதியில் அளவு மெல்லவே உயரும். இறுதிக் கட்டத்தில் எழும் வாயுக் குமிழிகள் கரைசலைக் கலக்கிய பின்னரே மேலும் கீழும் ஒன்றாகும். ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை அளந்தும் அளவு மாறவில்லையெனில், மின்னேற்றம் நிறைவுற்றது என்பர்.

பொய்யாகும் அளவு

இப்போது பணிமனைக்குத் திரும்புவோம். குறையுள்ள அறையில் 1.15 என்று கண்ட ஒருவர், “அமிலம் குறைந்திருக்கிறது, சிறிது அமிலம் ஊற்றினால் சரியாகிவிடும்” என எண்ணக்கூடும். ஊற்றினால் திரவமானி உடனே 1.26 காட்டும். ஆனால் அக்கலத்தின் மின்னாற்றல் சிறிதும் கூடியிராது. காணாமற்போன அமிலம் தகடுகளில் ஈய சல்பேட்டாகப் படிந்திருக்கிறது. அது அங்கேயேதான் இருக்கும். பின்னர் மின்னேற்றம் செய்யும்போது அதுவும் கரைசலில் சேரும். அமிலம் அளவுக்கு மீறிச் செறிந்து தகடுகளையும் அவற்றிடையே உள்ள பிரிப்பான்களையும் அரிக்கத் தொடங்கும்.

நீர் குறையும்போதும் அளவு பொய்யாகும். நாம் கணக்கிட்ட கலத்திலிருந்து 100 கிராம் நீர் மட்டும் வெளியேறினால், ஒப்படர்த்தி 1.28இலிருந்து ஏறத்தாழ 1.31ஆக உயரும். மின்னேற்றம் கூடாமலேயே அளவு கூடிவிடும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு மட்டம் தாழ்ந்த கலத்தில் திரவமானி காட்டும் உயர்ந்த எண்ணை நம்பலாகாது. ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறுவது நீரே, அமிலம் அன்று. ஆகவே இட வேண்டியதும் காய்ச்சி வடித்த நீரே.

அறையிலும் தகட்டிலும் உள்ள மொத்த அமிலம் மாறாதிருக்கும்வரையில்தான் ஒப்படர்த்தி மின்னேற்றத்தைக் காட்டும். அமிலம் வெளியே சிந்தியிருப்பது உறுதியானால் மட்டும் அதை ஈடுசெய்யலாம். அதுவும் முழு மின்னேற்றம் முடிந்து, அளவு மாறாது நின்ற பின்னரே.

பழகிய கைவினைஞர் செய்வது வேறு. பேட்டரி முழுவதையும் மின்னேற்றத்தில் இடுகிறார். மாலையில் ஐந்து அறைகளில் குமிழிகள் எழுகின்றன, அளவு 1.28 ஆகிறது. குறையுள்ள அறையில் குமிழி இல்லை; அளவு 1.17ஐத் தாண்டவில்லை, மற்றவற்றைவிட அது சூடாகவும் இருக்கிறது. உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கிறது என்பதற்கு இவையே அடையாளங்கள். அமிலத்தால் தீராத பழுது இது.

மின்னழுத்தமானி ஏன் இதைக் காட்டவில்லை? ஓய்வில் உள்ள ஒரு கலத்தின் மின்னழுத்தம், ஒப்படர்த்தியுடன் 0.84ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிடைக்கும். நல்ல கலத்திற்கு 2.10, குறையுள்ளதற்கு 1.99. ஆறையும் கூட்டினால் 12.49 வோல்ட். ஐந்து கலங்களின் நலம் ஒன்றன் நோயை மறைத்துவிட்டது.

தெரியுமா?

அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் வெளிப்படும் வெப்பத்தால் கரைசல் கொதித்துத் தெறிக்கும். மின்னேற்றத்தின்போது எழும் வாயுவில் ஹைட்ரஜன் இருப்பதால் அருகில் தீப்பொறி கூடாது. அளக்கும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் தேவை. மூடி திறக்க இயலாத அடைப்பு மின்கலங்களைத் திரவமானியால் அளக்க முடியாது.

கற்பவை கற்றபின்

1. ஒரு லிட்டர் மின்பகுளியுள்ள கலம் 30 ஆம்பியர்-மணி மின்னூட்டத்தைத் தந்தால் செலவாகும் அமிலத்தையும் உருவாகும் நீரையும் கணக்கிடுக.

2. மட்டம் தாழ்ந்த கலம் ஒன்று 1.30 எனக் காட்டுகிறது. அது முழு மின்னேற்றம் பெற்றதா? காரணத்துடன் விளக்குக.