நிறம் மாறும் இடத்தில் ஒரு முறுக்கு
ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியின் பெயரைத் தாங்கியவை, சாய்சதுரக் கட்டம் போட்ட காலுறைகள். அந்தக் கட்டங்களைக் கையால் பின்னும் முறைக்கு இன்டார்சியா என்று பெயர். ஒவ்வொரு வண்ணக் கட்டத்துக்கும் தனி நூல்கண்டு உண்டு. ஒரு கட்டத்தின் நூல் பின்பக்கமாக அடுத்த கட்டத்துக்கு ஓடாது. அதனால் துணி தடிக்காது.

சிக்கல் நிறம் மாறும் இடத்தில்தான். சிவப்பை முடித்துவிட்டு நீலத்தை அப்படியே எடுத்துப் பின்னினால், இரண்டும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து, நடுவே கிழிசல் போல இடைவெளி விழும். முடிந்த சிவப்பு நூலைத் துணியின் பின்பக்கத்தில் நீலத்தின் மேல் போட்டு, நீலத்தை அதன் அடியிலிருந்து எடுத்துப் பின்ன வேண்டும். நேர்க்கோட்டு இணைப்பில் இந்த முறுக்கை ஒவ்வொரு வரிசையிலும் செய்தாக வேண்டும்.

நூலை இறுக்கி இழுத்தாலோ இணைப்பு சுருங்கிவிடும். அவ்வப்போது துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இணைப்பில் ஓட்டை தெரிந்தால், முறுக்கு விட்டுப்போயிருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது.